வானம் ஏன் நீலம்: சாயமா, சிதறலா?

அந்திவானம் எழுதியது:

பகுதி 1. அக்கா மகள் ஏழாம் வகுப்பு. போன வாரம் மொட்டை மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தபோது "வானம் ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த மூன்று பெரியவர்களும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். கடல் மேலே பிரதிபலிக்கிறது என்றார் ஒருவர். தூசியால் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், காற்றுக்கே லேசான நீல நிறம் உண்டு, ஒரு அறை அளவு காற்றில் அது தெரியாது, கிலோமீட்டர் கணக்கில் சேர்ந்தால் தெரிகிறது என்றார். கடல் பதிலைத் தள்ளிவிடலாம், தார் பாலைவனத்தின் நடுவிலும் வானம் நீலம்தான். ஆனால் மூன்றாவது பதில் கேட்க நியாயமாக இருந்ததால் எனக்கு அது மனதில் தங்கிவிட்டது, இந்தத் தொடரை அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டில் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரே ஒரு துளி விடுங்கள். இன்னொன்றில் சில துளி பால். அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச்சை டம்ளரின் ஒரு பக்கமாக வைத்து அடியுங்கள். சொட்டு நீலம் போட்ட டம்ளரை எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது டார்ச்சை நேருக்கு நேராகப் பார்த்தால் விளக்கே நீலமாகத் தெரியும். சாயம் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுகிறது. பால் டம்ளரைப் பக்கவாட்டில் பார்த்தால் மங்கலான நீலம், எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் அதே விளக்கு மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். இங்கே எந்த நிறமும் விழுங்கப்படவில்லை. வந்த ஒளியில் நீலப் பங்கு அதிகமாகப் பக்கவாட்டில் போய்விட்டது, நேராகப் போனதில் அது குறைந்துவிட்டது.

இப்போது சாயங்காலச் சூரியனை நினைத்துப் பாருங்கள். காற்று நீலச் சாயமாக இருந்தால், மிக அதிகக் காற்றைக் கடந்து வரும் அஸ்தமனச் சூரியன் நல்ல நீலமாக அல்லவா இருக்க வேண்டும்? அது ஆரஞ்சாக இருக்கிறது. ஆகவே வானம் இரண்டாவது டம்ளர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் இல்லாத திசையில் வானத்தைப் பார்க்கும்போது அங்கிருந்து ஒளியே வரக் காரணம் இல்லை. நிலாவில் எடுத்த படங்களில் சூரியன் மேலே இருந்தும் வானம் கறுப்பாகத்தான் இருக்கும், அங்கே காற்று இல்லை. நம் வானத்தின் மற்ற திசைகளிலிருந்து வருவது முழுக்க, சூரியனிலிருந்து வேறெங்கோ போய்க்கொண்டிருந்த ஒளி வழியில் திசை மாறி நம் கண்ணுக்கு வந்ததுதான். இப்படித் திசை மாறுவதைத்தான் சிதறல் என்கிறோம்.

---

தென்றல்71 எழுதியது:

நல்ல தொடக்கம் தம்பி. ஆனால் தூசியை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நாங்கள் படித்த காலத்தில் காற்றில் உள்ள தூசும் நீராவியும் நீல நிறத்தைச் சிதறடிப்பதால் என்றுதான் பாடம், பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பிறகு ஆக்சிஜனைத் திரவமாக்கினால் வெளிர்நீலமாக இருக்கும், அதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் மூன்றாவது பெரியவரையும் அவ்வளவு சுலபமாகத் தள்ள வேண்டாம்.

---

அல்லி எழுதியது:

தென்றல் ஐயா, உங்கள் பாடத்துக்குப் பின்னால் உண்மையான ஒரு வரலாறு இருக்கிறது. 1869-இல் டிண்டால் என்ற இயற்பியலாளர் கண்ணாடிக் குழாயில் மிக நுண்ணிய துகள்களை உருவாக்கி ஒளியைப் பாய்ச்சினார், துகள் சிறிதாக இருக்கும்வரை பக்கவாட்டில் வானம் போன்ற நீலம் வந்தது. 1871-இல் ராலே என்ற இயற்பியலாளர் இந்தச் சிதறலுக்குக் கணக்குப் போட்டபோது அவரும் காற்றில் மிதக்கும் நுண்துகள்களை மனதில் வைத்துத்தான் போட்டார். பிறகு 1899-இல் அவரே, துகள் எதுவும் வேண்டாம், காற்றின் மூலக்கூறுகளே இந்த நீலத்துக்குப் போதும் என்ற முடிவுக்கு வந்தார். பள்ளிப் பாடங்கள் பலவற்றில் 1871 மட்டும் நின்றுவிட்டது.

கண்ணாலேயே சோதிக்கலாம். தூசிதான் காரணம் என்றால் தூசி கூடும்போது நீலமும் கூட வேண்டும். நடப்பது நேர்மாறு. கோடையில் புழுதி பறக்கும்போது வானம் வெளுத்துப் போகிறது, நல்ல மழை பெய்து காற்றைக் கழுவிவிட்ட மறுநாள் காலையில் அடர்நீலமாக இருக்கிறது. கொடைக்கானலுக்கு ஏறினால் இன்னும் அடர்த்தி.

காற்று மூலக்கூறு நீல ஒளியின் அலைநீளத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. அந்த அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் நிறத்துக்கு நிறம் பெரிய பாகுபாடு வரும். தூசியும் பனித்துளியும் அலைநீளத்தை ஒத்த அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கும், அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். எல்லா நிறமும் சேர்ந்தால் வெள்ளை. மேகம் வெள்ளையாக இருப்பதும் அதனால்தான்.

திரவ ஆக்சிஜன் வெளிர்நீலம் என்பது சரி. அங்கே மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன, அது உண்மையிலேயே சாயம் மாதிரி சிவப்பை விழுங்குகிறது. காற்றாக இருக்கும்போது அந்த விழுங்கல் இந்த நீலத்துக்குக் காரணமாகிற அளவு இல்லை. அந்திவானம் சொன்ன அஸ்தமனச் சூரியனே சாட்சி.

---

அந்திவானம் எழுதியது:

பகுதி 2. அல்லி "பாகுபாடு" என்று சொன்னதை எண்ணில் பார்க்கலாம். நீலத்தின் அலைநீளம் ஏறக்குறைய 450 நானோமீட்டர், சிவப்பு 650. சிவப்பு அலை நீல அலையைவிட 1.44 மடங்கு நீளம். இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் ராலே கண்டுபிடித்த விதியில் அதை நான்கு தடவை பெருக்க வேண்டும்:

1.44 × 1.44 × 1.44 × 1.44 = 4.3

ஆக நீலம் சிவப்பைவிட 4 மடங்குக்கும் மேல் சிதறுகிறது. வானம் "முழுக்க நீலம்" இல்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. சிவப்பும் பச்சையும் மஞ்சளும்கூட மேலேயிருந்து வருகின்றன, குறைவாக வருகின்றன. அதனால்தான் வானம் சொட்டு நீலம் மாதிரி அழுத்தமாக இல்லாமல் வெள்ளை கலந்த நீலமாக இருக்கிறது.

சூரியன் உச்சியில் இருக்கும்போது, தூசியே இல்லாத காற்று என்று வைத்துக்கொண்டால், 450-ல் உள்ள நீலத்தில் 100-க்கு 80 பங்கு நேராகத் தரைக்கு வந்துவிடுகிறது, சிவப்பில் 95. மீதி சிதறிவிட்டது. அஸ்தமனத்தில் ஒளி சாய்வாக வருவதால் உச்சியில் கடப்பதைப் போல ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். 0.80-ஐ 38 முறை பெருக்கிப் பாருங்கள், பத்தாயிரத்தில் 2 பங்குதான் மிஞ்சும். 0.95-ஐ 38 முறை பெருக்கினால் 100-க்கு 14. நீலம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, சிவப்பு மட்டும் மங்கலாக நிற்கிறது. நமக்கு அஸ்தமனச் சூரியனிடம் காணாமல்போன நீலம், அந்த நேரத்தில் நமக்கு மேற்கே பகலாக இருக்கும் ஊர்களின் வானத்தில் இருக்கிறது. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

---

இளம்பரிதி எழுதியது:

அண்ணா, நான் பன்னிரண்டாம் வகுப்பு. உங்கள் கணக்கையே ஊதாவுக்குப் போட்டேன். ஊதா 400 நானோமீட்டர். 450-ஐ 400-ஆல் வகுத்து நான்கு முறை பெருக்கினால் 1.6 வருகிறது. அப்படியென்றால் ஊதா நீலத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சிதறுகிறது. வானம் ஊதாவாக அல்லவா இருக்க வேண்டும்? எங்கள் சாரிடம் கேட்டேன், ஓசோன் ஊதாவைத் தடுத்துவிடுகிறது என்றார்.

---

அல்லி எழுதியது:

கணக்கு சரி, கேள்வி அதைவிடச் சரி. ஓசோன் பதிலில் ஒரு சொல்தான் வழி தவறவைக்கிறது: ஓசோன் விழுங்குவது புறஊதாவை, முக்கியமாக 320 நானோமீட்டருக்குக் கீழே. 400-ல் உள்ள ஊதாவை அது ஏறக்குறைய தொடுவதே இல்லை. வானத்திலிருந்து ஊதா ஒளி நிஜமாகவே நம்மிடம் வருகிறது. கருவி வைத்து அளந்தால் தெரியும்.

அப்புறம் ஏன் நீலம்? முதலாவது, சூரிய ஒளியிலேயே 400-ஐ நெருங்கும்போது சரக்கு குறைகிறது. இரண்டாவது, நம் கண்ணுக்கு அந்த ஓரத்தில் கூர்மை மிகவும் குறைவு. இந்த இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. கண்ணில் நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு தூண்டப்பட்டது என்ற மூன்று அளவுகள் மட்டுமே மூளைக்குப் போகின்றன, எந்த அலைநீளம் வந்தது என்ற தகவல் போவதில்லை. வானத்திலிருந்து வரும் ஊதா, நீலம், பச்சை, கொஞ்சம் சிவப்பு எல்லாம் சேர்ந்து அந்த மூன்று கூம்புகளையும் தூண்டும் விதம், வெள்ளையும் தனி நீலமும் கலந்து வந்தால் தூண்டும் விதத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. மூளைக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை.

---

அந்திவானம் எழுதியது:

அல்லி, இதில் நான் கொஞ்சம் விலகுகிறேன். கண்ணின் கூர்மைக் குறைவுதான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் உங்கள் மூன்று அளவுகளின் விகிதமே வேறாக இருந்திருக்கும்.

---

அல்லி எழுதியது:

கூர்மை குறைவு என்று சொல்லி நிறுத்தினால், வானவில்லின் ஓரத்தில் ஊதா தெரிகிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்? தனியாக வந்தால் கண் அதை ஊதா என்று அடையாளம் காண்கிறது. மற்ற நிறங்களோடு கலந்து வரும்போது அடையாளம் போய்விடுகிறது. ஆனாலும் உங்கள் வாதத்தை முழுக்கத் தள்ளமாட்டேன், கூம்புகளின் கூர்மையும் கலவையும் ஒரே கணக்கின் உள்ளே இருப்பவை, இதற்கு இத்தனை பங்கு என்று பிரிப்பது கடினம்.

---

சங்குப்பூ எழுதியது:

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பகுதி 1 படித்துவிட்டு நேற்று வகுப்பில் பால் சோதனையைச் செய்தேன், சரியாக வரவில்லை. ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி, அரை டம்ளர் பாக்கெட் பால், போனில் உள்ள விளக்கு. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. பிள்ளைகள் நீலம் தெரியவில்லை டீச்சர் என்று நேர்மையாகச் சொன்னார்கள். நான் தெரியும் பாருங்கள் என்று கட்டாயப்படுத்தவில்லை. எங்கே தவறு?

---

அல்லி எழுதியது:

கட்டாயப்படுத்தாதது நல்ல முடிவு டீச்சர். தவறு பாலின் அளவில். அரை டம்ளர் விட்டால் ஒளி ஒருமுறை சிதறி வெளியே வராது, துகளுக்குத் துகள் பலமுறை முட்டி அலையும். ஒரு முறை சிதறும்போது நீலம் முந்திக்கொள்ளும், சிவப்பு தங்கிவிடும். பல முறை என்றால் தங்கிய சிவப்பும் எங்காவது சிதறி வெளியே வந்துவிடும், கடைசியில் எல்லாம் சேர்ந்து வெள்ளை. ஒரு லிட்டருக்கு ஐந்து துளியில் தொடங்குங்கள், இரண்டிரண்டு துளியாகக் கூட்டுங்கள். ஜாடிக்குப் பின்னால் இருக்கும் புத்தகத்தின் எழுத்தைப் படிக்க முடிகிற நிலையில் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, பாலின் வகை. பாலில் இரண்டு விதத் துகள் இருக்கிறது. கொழுப்பு உருண்டைகள் பெரியவை, அவை மேகம் மாதிரி வேலை செய்து வெள்ளையைத் தரும். புரதத் துகள்கள் 100, 200 நானோமீட்டர் அளவில் சிறியவை, நீலத்தைத் தருவது அவைதான். அதனால் கொழுப்பு நீக்கிய பால் கிடைத்தால் அதுவே நல்லது. அதுவும் காற்று மூலக்கூறு அளவுக்குச் சிறியது இல்லை, ஆகவே வானத்தின் நீலம் அப்படியே வராது. சாம்பல் கலந்த நீலம்தான் வரும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, போன் விளக்கு எல்லாப் பக்கமும் பரவும். கறுப்பு அட்டையில் பென்சில் தடிமனுக்கு ஒரு துளை போட்டு அதன் வழியாக அடியுங்கள். ஜாடிக்குப் பின்னால் கறுப்புத் துணி. அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும்.

---

முத்துநகர் எழுதியது:

நான் புகைப்படக்காரன், தூத்துக்குடி. உப்பளங்களில் நிறைய எடுப்பேன். வானம் நீலமாக வருவதற்காகப் போலரைசர் கண்ணாடி வாங்கினேன், அது நீல நிறத்தைக் கூட்டும் என்று சொன்னார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கேமராவை நன்றாக மேலே தூக்கி எடுத்தேன், ஒரு மாற்றமும் இல்லை. கண்ணாடி பழுதா, எங்கள் ஊர் வானம் இப்படித்தானா?

---

அந்திவானம் எழுதியது:

கண்ணாடி பழுதில்லை என்றே நினைக்கிறேன் அண்ணா. அது நீலத்தைக் கூட்டுவதில்லை, ஒளியில் ஒரு பங்கைத் தடுக்கிறது, அவ்வளவுதான். காற்று மூலக்கூறில் பட்டு நேர்ச் செங்கோணத்தில் திரும்பி வரும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். போலரைசரைத் திருப்பி அந்தத் தளத்தை அடைத்தால் வானம் கறுத்து அடர்நீலமாகும், மேகம் அப்படியே வெள்ளையாக நிற்கும். ஆனால் இது சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியிருக்கும் பட்டையில்தான் நன்றாக நடக்கும். ஆட்காட்டி விரலைச் சூரியன் பக்கம் நீட்டுங்கள், சூரியனைப் பார்க்க வேண்டாம். கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்து மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டும் இடமெல்லாம் அந்தப் பட்டை.

மதியம் சூரியன் உச்சியை ஒட்டி இருக்கும், அப்போது பட்டை அடிவானத்தைச் சுற்றிப் படுத்துவிடும். நீங்கள் மேலே பார்த்து எடுத்தீர்கள். காலை ஏழு மணிக்கு எடுத்துப் பாருங்கள், பட்டை தலைக்கு மேல் வடக்குத் தெற்காகப் போகும்.

---

முத்துநகர் எழுதியது:

இன்று காலை ஏழேகாலுக்கு எடுத்தேன் தம்பி. உச்சி நல்ல அடர்நீலம், திருப்பத் திருப்ப மாறுவது கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் அகலமான லென்ஸில் வானத்தின் நடுவில் ஒரு கறுத்த பட்டை, இரண்டு ஓரமும் வெளுப்பு. அது நீங்கள் சொன்ன பட்டைதான் போல. இனி குறுகிய லென்ஸ் போடுகிறேன்.

இன்னொரு விஷயம். வடக்குத் திசையிலேயே, பட்டை இறங்கும் இடத்திலேயே, அடிவானத்தை ஒட்டி எவ்வளவு திருப்பினாலும் வெளுப்புப் போகவில்லை. கடல் உப்புக் காற்றா?

---

தென்றல்71 எழுதியது:

உப்புத்தான். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியெல்லாம் பத்து வருடத்தில் அரித்துப் போயிற்று, காற்றில் அவ்வளவு உப்பு.

---

அல்லி எழுதியது:

உப்புத் துளிகள் பெரியவை, வெளுப்பாக்கும், ஐயா சொல்வது ஒரு பாதி. ஆனால் உப்பே இல்லாவிட்டாலும் அடிவானம் வெளுத்துத்தான் இருக்கும். டீச்சரின் ஜாடிதான் இதுவும். அடிவானத்தைப் பார்க்கும்போது நம் பார்வை மிக நீளமான காற்றுப் பாதையில் போகிறது. தூரத்தில் சிதறிய நீலம் நம்மிடம் வருவதற்குள் மறுபடியும் சிதறிக் குறைந்துவிடுகிறது, சிவப்பும் பச்சையும் அதை ஈடுகட்டுகின்றன. பலமுறை சிதறிய ஒளியில் ஒரே தள அதிர்வும் கலைந்துவிடும், அதனால் போலரைசருக்கும் அங்கே வேலை குறைவு. கொடைக்கானலில் நல்ல தெளிவான காலையிலும் அடிவானம் உச்சியைவிட வெளுப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், அங்கே கடல் உப்பு இல்லை. தூத்துக்குடியில் உப்பின் பங்கு எவ்வளவு, பாதையின் பங்கு எவ்வளவு என்று இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. கடற்காற்று வீசும் நாளிலும் நிலக்காற்று வீசும் நாளிலும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே அமைப்பில் படமெடுத்தால் கொஞ்சம் பிடிபடும்.

---

இளம்பரிதி எழுதியது:

அப்படியானால் வானத்தில் சாயம் மாதிரி எதுவுமே இல்லை, எல்லாம் சிதறல்தான் என்று எழுதிக்கொள்ளலாமா? கடலுக்கும் இதே பதில்தானா?

---

அல்லி எழுதியது:

பகலுக்கு எழுதிக்கொள்ளலாம். அந்திக்கு எழுதாதே தம்பி. உங்கள் சாரின் ஓசோன் இங்கேதான் வருகிறது. சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிடத்தில் உச்சியைப் பார், இன்னும் அழகான ஆழ்ந்த நீலமாக இருக்கும். சிதறல் மட்டும் என்றால், அத்தனை காற்றைச் சாய்வாகக் கடந்து நீலத்தை இழந்து வரும் ஒளிதானே உச்சியையும் அடைகிறது, உச்சி மஞ்சள் தட்டியல்லவா இருக்க வேண்டும்? ஓசோன் 600 நானோமீட்டர் பக்கம் உள்ள ஆரஞ்சையும் கொஞ்சம் விழுங்கும். பகலில் அந்த விழுங்கல் பொருட்டே இல்லை. அந்தியில் ஒளி ஓசோன் படலத்தின் ஊடாக நீளவாக்கில் போவதால் அது பெரிதாகிவிடுகிறது. 1953-இல் ஹல்பர்ட் என்பவர் இதைக் கணக்கிட்டு அளவீட்டோடு காட்டினார். அந்தி உச்சியின் நீலத்தில் பெரும்பங்கு ஓசோனுடையது. அதாவது அந்த நேரத்தில் நம் தலைக்கு மேல் உண்மையிலேயே சொட்டு நீலம் டம்ளர் இருக்கிறது. மூன்றாவது பெரியவர் காற்று என்று சொல்லாமல் ஓசோன் என்று சொல்லி, நேரத்தையும் அந்தி என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருப்பார்.

கடலும் கலவைதான். 1921-இல் ராமன் நார்க்குண்டா கப்பலில் ஊர் திரும்பும்போது, கடல் மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வான ஒளியை போலரைசர் மாதிரி வேலை செய்யும் நிகோல் பட்டகத்தால் வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. வானம் கடலில் தெரிவதால் மட்டும் கடல் நீலம் இல்லை என்பது அதில் உறுதியானது. அவர் நீர் மூலக்கூறுகளின் சிதறலை முன்வைத்தார். தண்ணீர் சிவப்பை விழுங்குவதும் சேர்ந்தே வேலை செய்கிறது, கடலில் அந்தப் பங்கு பெரியது.

---

சங்குப்பூ எழுதியது:

இன்று மறுபடி செய்தோம். கொழுப்பு நீக்கிய பால் கிடைக்கவில்லை, பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஆடையை இரண்டு முறை எடுத்துவிட்டு அடியில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். ஒன்பதாவது துளியில் பக்கவாட்டில் சாம்பல் நீலம் வந்தது. எதிர்ப்பக்கம் துளை இளமஞ்சளாக இருந்தது. பதினைந்தில் அது ஆரஞ்சு. இருபத்தைந்தில் நீலம் போய்விட்டது, எழுத்தும் படிக்க முடியவில்லை. பக்கத்திலேயே சொட்டு நீலம் ஜாடியையும் வைத்திருந்தேன், ஒரு மாணவி இரண்டு துளைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பால் ஜாடியில் விளக்கடியில் நீலமாகவும் தூரத்துக் கோடியில் மஞ்சளாகவும் பக்கவாட்டிலேயே தெரிகிறதே, ஏன் என்று கேட்டாள். நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. பிறகு எல்லோரும் குனிந்து பார்த்தோம், அப்படித்தான் இருந்தது.

---

அந்திவானம் எழுதியது:

டீச்சர், அந்தப் பிள்ளை ஒரே ஜாடியில் மதியத்தையும் சாயங்காலத்தையும் பார்த்துவிட்டாள். விளக்கடியில் உள்ள பாலுக்கு முழு வெள்ளை ஒளி கிடைக்கிறது, அதனால் நீலம் சிதறுகிறது. கோடிக்குப் போய்ச் சேரும்போது நீலம் தீர்ந்துவிட்டது, சிதறுவதற்கு மஞ்சள்தான் மிச்சம். பகுதி 3-ஐ இதிலிருந்தே எழுதுகிறேன். ஜாடியை நீளவாக்கில் படுக்கவைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடமுடியுமா?